மூலைவிட்டத்தில் இரண்டுமே குறை எண், அப்புறம் ஏன் தீர்வு ஏறுகிறது?

கேள்வி: x' = -x + 4y, y' = x - y என்ற சமன்பாட்டு ஜோடியை x = 2, y = -0.99 என்று தொடங்கிக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். x முதலில் நன்றாகக் குறைந்தது. 1.6 வாக்கில் திரும்பி ஏற ஆரம்பித்து, t = 10 வரும்போது 220 ஆகிவிட்டது. இரண்டு சமன்பாட்டிலும் தன்னுடைய கெழு -1 தானே, குறைந்துகொண்டேதானே போக வேண்டும்? நிரலில் தவறா, நான் புரிந்துகொண்டதில் தவறா?

பதில்: நிரல் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. 220 என்பது சரியான விடை. "தன்னுடைய கெழு -1 தானே" என்ற இடத்தில்தான் வழுக்கிவிட்டீர்கள், அங்கே வழுக்குகிறவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை.

ஒரே ஒரு சமன்பாடு என்றால் அந்தக் கணக்கு சரி. x' = -x என்றால் x கரைந்துகொண்டே போகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்களிடம் இருப்பவை இரண்டும் பின்னிப் பிணைந்தவை: x தானாகக் கரைகிறது, ஆனால் y அதற்கு 4 மடங்கு ஊட்டுகிறது, y தானாகக் கரைகிறது, ஆனால் x அதற்கு ஊட்டுகிறது. கெழுக்களை அணியாக எழுதினால் அந்த இரண்டு -1-உம் மூலைவிட்டத்தில் நிற்கும், 4-உம் 1-உம் குறுக்குக் கெழுக்கள். கரைவது வெல்லுமா ஊட்டுவது வெல்லுமா என்பதை மூலைவிட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

x = 2, y = 1 என்று வைத்துச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். x' = -2 + 4 = 2. y' = 2 - 1 = 1. அதாவது மாறும் வேகமும் (2, 1), இருக்கும் மதிப்பும் (2, 1). எவ்வளவு இருக்கிறதோ அதே அளவு வேகத்தில் வளர்ந்தால் அது e^t. சரி, இப்போது x = 2, y = -1 போடுங்கள். x' = -2 - 4 = -6, y' = 2 + 1 = 3. இருக்கும் மதிப்பின் -3 மடங்கு, அதனால் அது e^(-3t) என்று கரையும். இந்த 1, -3 இரண்டும்தான் ஐகன் மதிப்புகள். அந்தந்தத் திசையில் நின்றுகொண்டால் இரண்டு சமன்பாடுகளும் ஒன்றையொன்று இழுக்காமல் ஒரே சமன்பாடு மாதிரி நடந்துகொள்ளும், அதற்காகத்தான் அவற்றைத் தேடுகிறோம். வேறு எங்கிருந்து தொடங்கினாலும் அது இந்த இரண்டின் கலவையாகத்தான் இருக்கும்:

```
x = 2a·e^t + 2b·e^(-3t)
y =  a·e^t -  b·e^(-3t)
```

உங்கள் தொடக்கத்தை இதில் போடுவோம். t = 0 இல் a + b = 1, a - b = -0.99. எனவே a = 0.005, b = 0.995. இந்த 0.005 தான் உங்களைக் குழப்பியது. தொடக்கத்தில் நீங்கள் பார்ப்பது முழுக்க முழுக்கக் கரையும் பகுதியைத்தான், வளரும் பகுதி கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒன்று e^(-3t) வேகத்தில் இறங்க இறங்க, இன்னொன்று e^t வேகத்தில் ஏறிக்கொண்டே இருக்கிறது.

உங்கள் விடையில் y-ஐயும் கவனித்திருந்தால் x திரும்புவதற்கு முன்பே எச்சரிக்கை தெரிந்திருக்கும். t = 1.32 அருகில் y குறை எண்ணிலிருந்து மிகை எண்ணாக மாறுகிறது. அதுவரை 4y என்ற உறுப்பு x-ஐக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது, அதன்பின் மேலே தள்ள ஆரம்பிக்கிறது. t = 1.6 இல் 4y-யும் x-உம் சமமாகிவிடும் (இரண்டும் சுமார் 0.066), x' பூச்சியமாகி, அங்கிருந்து ஏற்றம்தான். t = 3 இல் x சுமார் 0.201, y சுமார் 0.100. x, y விகிதம் 2-க்கு வந்து நின்றுவிட்டது என்றால் வளரும் திசையில் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று பொருள். அதற்கப்புறம் ஒவ்வொரு அலகு நேரத்துக்கும் 2.718 மடங்கு பெருகும்.

சரியாக y = -1 என்று தொடங்கினால் a = 0 ஆகும், x கடைசிவரை கரைந்துகொண்டே போகும், அது உண்மை. ஆனால் அளந்து எடுத்த எந்த எண்ணும் அந்தக் கோட்டின் மேல் துல்லியமாக உட்காராது. y = -0.99999 என்று ஆயிரம் மடங்கு நெருங்கிப் போய்த் தொடங்கிப் பாருங்கள். x திரும்பும் நேரம் 1.6-இலிருந்து 3.3-க்குத் தள்ளிப் போகும், அவ்வளவுதான், ஏற்றம் தவிராது. அதனால் ஐகன் மதிப்புகளில் ஒன்றே ஒன்று மிகை எண்ணாக இருந்தாலும் இந்த அமைப்பு வளரும் அமைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எனக்கு ஆத்திரம் வரும் விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "மூலைவிட்டத்தின் குறியைப் பார், விடையை எழுது" என்று குறுக்கு வழி விற்கும் குறிப்புகள் நிறைய சுற்றுகின்றன. பயிற்சிக் கணக்குகளில் அது பலிப்பதற்கு ஒரு காரணம் உண்டு: அந்தக் கணக்குகளில் குறுக்குக் கெழுக்களில் ஒன்றைப் பூச்சியமாக வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் மட்டும் மூலைவிட்ட எண்களே ஐகன் மதிப்புகளாக அமைந்துவிடும். இரண்டு குறுக்குக் கெழுவும் பூச்சியமில்லாமல் இருக்கும்போது அந்த வழியை நம்பினால் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும். இதைவிட மோசம், காசு வாங்கிக்கொண்டு செய்முறைக் கணக்கு முடித்துத் தருகிறவர்கள். உங்கள் கணக்கையே t = 1.5 வரை மட்டும் வரைந்து, 2-இலிருந்து 0.067-க்கு இறங்கியிருக்கிறது பார் என்று காட்டி, "பூச்சியத்தை நெருங்குகிறது" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். படம் அழகாகத்தான் இருக்கும், முடிவு மட்டும் தலைகீழ். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் ஐகன் மதிப்புகள் எங்கே என்று முதலில் கேளுங்கள், சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

அவர்களை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. தேர்வில் ஐகன் மதிப்பு கண்டுபிடித்து, பொதுத் தீர்வை எழுதி, "c1, c2 மாறிலிகள்" என்று போட்டுக் கோடு கிழித்தால் முழு மதிப்பெண். இது வளருமா, கரையுமா, எந்த நேரத்தில் திரும்பும் என்று கேட்கவே மாட்டார்கள். கேட்காததை யார் கற்பார்கள்? இத்தனை வருடமாக இதே வினாத்தாள் அச்சு, மாற்றச் சொன்னால் பாடத்திட்டத்தைக் கையைக் காட்டுவார்கள்.

சரி, நிரலை ஓட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடத்தில் பார்க்கக்கூடிய சோதனை இது. மூலைவிட்ட எண்களைக் கூட்டுங்கள்: -1 - 1 = -2. அணிக்கோவையைக் காணுங்கள்: (-1)(-1) - 4·1 = -3. ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை முதல் எண், பெருக்குத்தொகை இரண்டாவது எண். பெருக்கினால் குறை எண் வருகிறது என்றால் ஒன்று மிகை, ஒன்று குறை என்றுதானே அர்த்தம்? அங்கேயே விடை முடிந்துவிட்டது. கூட்டுத்தொகை குறை எண், அணிக்கோவை மிகை எண் என்று இரண்டும் சேர்ந்து வந்தால்தான் எங்கிருந்து தொடங்கினாலும் கரையும். உங்கள் 4-ஐ 0.5 ஆக்கிப் பாருங்கள்: அணிக்கோவை 0.5, ஐகன் மதிப்புகள் சுமார் -0.29, -1.71. இப்போது ஊட்டம் தோற்றது, கரைவு வென்றது. 4-ஐ அப்படியே விட்டு, y'-இல் x-இன் கெழுவான 1-ஐ -1 ஆக்கினால் -1 ± 2i என்று கலப்பெண் வரும். அப்போது மெய்ப்பகுதியின் குறியைப் பாருங்கள், அது -1, ஆகவே ஊசலாடிக்கொண்டே கரையும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது உங்கள் குழப்பத்தின் மறுபக்கம். x' = -x + 4y, y' = -y என்று எடுங்கள். ஐகன் மதிப்பு -1, அதுவே இரண்டு முறை. பலர் உடனே இரண்டு e^(-t)-களைக் கூட்டி எழுதிவிடுவார்கள், அது தவறு. இந்த அணிக்குக் கிடைக்கும் ஐகன் திசை ஒன்றே ஒன்று, (1, 0). அதை மட்டும் வைத்துக்கொண்டு y = 1 என்ற தொடக்கத்தை எப்படி உண்டாக்குவீர்கள்? முடியாது. அதனால்தான் t என்ற பெருக்கல் உள்ளே வருகிறது. x = 0, y = 1 என்று தொடங்கினால்:

```
y = e^(-t)
x = 4t·e^(-t)
```

x பூச்சியத்தில் தொடங்கி, t = 1 இல் 1.47 வரை ஏறும். இதைப் பார்த்து "வளர்கிறது" என்று எழுதுகிறவர்களும் உண்டு. பொறுங்கள். t = 5 இல் 0.135, t = 10 இல் 0.002-க்கும் கீழே. t எவ்வளவு வளர்ந்தாலும் e^(-t) அதை அமுக்கிவிடும். இது ஏதோ புத்தகத்துக்காகச் செய்த விசித்திரம் என்றும் நினைக்காதீர்கள்: y'-இல் 0.0001x சேர்த்தால் ஐகன் மதிப்புகள் -0.98, -1.02 என்று பிரிந்துவிடும், வழக்கமான இரண்டு அடுக்குக்குறிச் சார்புகளாகவே எழுதலாம், ஆனாலும் வளைகோடு கிட்டத்தட்ட இதே மாதிரிதான் ஏறி இறங்கும். ஆக, முதல் ஏற்றமோ முதல் இறக்கமோ எதையும் தீர்மானிப்பதில்லை. உங்களுக்கு இறங்கி ஏறியது, இங்கே ஏறி இறங்குகிறது. நெடுங்கால முடிவைச் சொல்வது ஐகன் மதிப்பின் குறி.

கடைசியாக, நிரலின் மேல் உங்களுக்கு வந்த சந்தேகம். இந்த முறை அது தேவையில்லை, ஆனால் நிரலே பொய் ஏற்றம் காட்டும் நேரமும் உண்டு. எளிய ஆய்லர் முறையில் படி நீளம் h என்றால், கரையும் பகுதி ஒவ்வொரு படியிலும் 1 - 3h என்ற எண்ணால் பெருகும். h = 0.7 வைத்தால் அது -1.1, கரைய வேண்டிய பகுதி குறி மாறி மாறி ஆடிக்கொண்டே பெருத்துவிடும். உண்மையான ஏற்றம் அப்படி ஆடாது, விகிதம் 2-இல் நிலைத்து வழுவழுப்பாகப் போகும். படி நீளத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள்: உங்கள் 1.6 என்ற திருப்பம் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றால் அது சமன்பாட்டின் வேலை, காணாமல் போனால் படி நீளத்தின் வேலை.