ரிப்போர்ட் நார்மல், கல்லீரலில் கொழுப்பு: அப்படியே விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 52, எடை 84 கிலோ. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வயிற்று ஸ்கேனில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று வந்தது. எஸ்ஜிஓடி 38, எஸ்ஜிபிடி 36, தட்டணுக்கள் 1.6 லட்சம். எல்லாமே நார்மல் என்கிறார்கள். குடிப்பழக்கம் இல்லை, வலியும் இல்லை. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். தனித்தனியாகப் பார்த்தால் மூன்று எண்களும் நார்மல்தான். ஆனால் உங்கள் வயதோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. இந்தக் கணக்குக்கு ‘ஃபிப்-4’ என்று பெயர். கல்லீரலில் தழும்பு விழுந்திருக்க வாய்ப்பு உண்டா என்று சலித்துப் பார்க்க மருத்துவர்கள் முதலில் போடுவது இதைத்தான்.

வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள்: 52 × 38 = 1976. எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தை, ஆயிரக்கணக்கில் எழுதிய தட்டணு எண்ணிக்கையால் பெருக்குங்கள்: 6 × 160 = 960. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 2.06. விடை 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேல் போனால் கல்லீரல் நிபுணரிடம் போயாக வேண்டும். நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். (35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு சரியாக வராது. 65-ஐத் தாண்டியவர்களுக்கு 1.3-க்குப் பதில் 2.0 என்று வைத்துக்கொள்வார்கள்.)

2.06 என்றால் தழும்பு இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடுத்த சோதனை தேவை என்பது மட்டுமே அதன் பொருள். அந்தச் சோதனை ஃபைப்ரோஸ்கேன். விலா எலும்புகளுக்கு இடையில் ஒரு கருவியை வைத்து, கல்லீரல் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று அளப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. மூன்று மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் போங்கள். சாப்பிட்ட கையோடு போனால் அளவு கூடுதலாகக் காட்டும். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. 12-க்கு மேல் வந்தால் முற்றிய தழும்பு என்றே சந்தேகிப்பார்கள். ஃபிப்-4 கணக்கில் நடுவில் வருகிற பலருக்கு ஃபைப்ரோஸ்கேனில் 8-க்குக் கீழேதான் வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் வலி ஏன் இல்லை, ஸ்கேனும் ரத்தச் சோதனையும் ஏன் எதுவும் சொல்லவில்லை? கல்லீரலின் உள் திசுவில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. மேலுறை இழுபட்டால்தான் வலது விலாவுக்குக் கீழே பாரமாகத் தெரியும். எஸ்ஜிபிடி என்பது செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கசிகிற நொதி. இன்றைக்கு எவ்வளவு சிதைகிறது என்று காட்டுமே தவிர, இதுவரை சேர்ந்த தழும்பைக் காட்டாது. ஸ்கேனில் சொல்லும் ‘கிரேடு’ கொழுப்பின் அளவுதான். கிரேடு 1 என்று படித்து நிம்மதி அடைகிறவர்கள் ஏராளம். தழும்பு முற்றி, சுருங்கிய கல்லீரலில் கொழுப்பு குறைந்துவிடுவதும் உண்டு. கிரேடு இறங்கியது என்று மகிழ்ந்துவிட முடியாது.

உடல் எடையும் சர்க்கரையும் இதில் கூட்டாளிகள். இன்சுலினுக்கு உடல் சரியாகக் கட்டுப்படாதபோது, வயிற்றுக் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் ஓயாமல் கல்லீரலுக்கு வந்து சேர்கின்றன. ரத்தத்தில் மிதமிஞ்சி இருக்கும் இன்சுலினோ, வருகிற சர்க்கரையையும் கொழுப்பாக மாற்றச் சொல்லிக் கல்லீரலைத் தூண்டுகிறது. இனிப்புப் பானங்களிலும் ஜூஸிலும் உள்ள ஃபிரக்டோஸ் இதற்கு இன்னும் வசதி. கொழுப்பு தேங்கிய செல்களில் அழற்சி வந்தால், பக்கத்தில் இருக்கும் நட்சத்திர செல்கள் விழித்துக்கொண்டு நார்த்திசுவை நெய்யத் தொடங்குகின்றன. இது வருடக்கணக்கில் நடக்கிற வேலை. சர்க்கரை நோய் இருந்தால் வேகம் கூடும்.

உங்கள் கணக்கில் இலக்கு இப்படி: 84 கிலோவில் 4 கிலோ இறங்கினாலே கொழுப்பு குறையத் தொடங்கும். 6 முதல் 8 கிலோ இறங்கினால் அழற்சி அடங்க வாய்ப்பு அதிகம். தழும்பு பின்வாங்க வேண்டுமானால் 8 கிலோவுக்கு மேல் குறைய வேண்டியிருக்கும். வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ போதும். பட்டினி கிடந்து வேகமாக இறக்கினால் பித்தப்பைக் கல் வரலாம், கல்லீரல் அழற்சியும் கூடலாம். முதலில் நிறுத்த வேண்டியவை இனிப்புப் பானங்களும் ஜூஸும்தான்.

மருத்துவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். சர்க்கரை மாத்திரையை மாற்ற முடியுமா என்பது ஒன்று: பயோகிளிட்டசோன், செமாகுளுடைட் போன்றவை கல்லீரல் அழற்சிக்கும் உதவுகின்றன, ஆனால் பயோகிளிட்டசோன் எடையைக் கூட்டும், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. மற்றொன்று, கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் சாப்பிடுகிறவராக இருந்தால் அதைத் தொடரலாமா என்பது. ஃபேட்டி லிவர் என்ற பயத்தில் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஃபைப்ரோஸ்கேன் 8-க்குக் கீழே வந்தாலும், சர்க்கரை இருப்பதால் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதே கணக்கைப் புது ரிப்போர்ட்டோடு போட்டுப் பாருங்கள்.