கோப்பியும் கல்சியமும்: கேட்டவர்களுக்குப் பதில்

அம்மாவுக்கு 61 வயது. நாளுக்கு ஆறு தரமாவது வெறுங்கோப்பி வேணும். பால் தொடமாட்டா. போன மாசம் கிணத்தடியில சறுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சிட்டுது. கோப்பியாலதானோ? (கொடிகாமம், மகள்)

கோப்பி மட்டும் இதைச் செய்யாது, பிள்ளை. ஆனால் அம்மாவின் சாப்பாட்டோடு சேர்த்துப் பார்த்தால் கோப்பிக்கும் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்று கணக்காகவே பார்ப்போம்.

கோப்பியில் உள்ள கஃபீன் சிறுநீரகத்தில் ஒரு வேலை செய்கிறது. வடிகட்டிய நீரிலிருந்து உப்பையும் கல்சியத்தையும் சிறுநீரகம் திரும்ப உறிஞ்சி எடுக்கும். கஃபீன் அதைக் கொஞ்சம் தடுக்கிறது. குடித்து மூன்று மணித்தியாலம் வரை சிறுநீரில் கல்சியம் கூடுதலாகப் போகும். அதன் பிறகு உடம்பு பிடித்து வைத்து ஓரளவு ஈடுசெய்யும். இளம் வயதில் இது நன்றாக நடக்கும், மாதவிடாய் நின்ற பிறகு அவ்வளவு நன்றாக நடக்காது. குடலில் கல்சியம் உறிஞ்சப்படுவதும் சற்றுக் குறையும். எல்லாம் கழித்துப் பார்த்தால் ஒரு கோப்பைக்கு நிகர நட்டம் 4 அல்லது 5 மில்லிகிராம்தான். ஆறு கோப்பைக்கு 25 முதல் 30 என்று வையுங்கள்.

இனி அம்மாவின் தட்டு. சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, ஒரு துண்டு மீன், சொதி. பால், தயிர் இல்லை. இப்படிச் சாப்பிடுகிற ஒருவருக்கு நாளுக்கு 350 மில்லிகிராம் அளவு கல்சியம் கிடைத்தாலே பெரிது. இந்த வயதுப் பெண்ணுக்கு 1000 முதல் 1200 வரை வேண்டும். அந்த 350இல் இரத்தத்துக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய 100 தான். கோப்பி இழுக்கிற 30 அந்த 100இலிருந்து போகிறது. நாளுக்கு 1000 எடுக்கிற பெண்ணுக்கு 250க்கு மேல் உள்ளே போகும், அவவுக்கு அதே 30 பெரிய பாரமாக இராது. அம்மாவுக்கு அந்தக் குறையை எலும்புதான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ராஞ்சோ பெர்னாடோ என்ற ஊரில் மாதவிடாய் நின்ற பெண்களை வைத்துச் செய்து 1994இல் வெளியான ஆய்விலும் இதே படம்தான் தெரிந்தது. வாழ்நாள் முழுக்கக் கோப்பி கூடக் குடித்தவர்களின் எலும்பு அடர்த்தி குறைவாக இருந்தது. ஆனால் வயது வந்த காலமெல்லாம் நாளுக்கு ஒரு தம்ளர் பாலாவது குடித்தவர்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்து இந்த வயதில் மணிக்கட்டு உடைந்தால் எலும்பு மெலிந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். மாவுக்கட்டு அவிழ்த்ததும் வேலை முடிந்தது என்று வீட்டுக்குக் கூட்டிப் போகாமல், எலும்பு அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கான் எடுக்க வேண்டுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். அடுத்த உடைவு இடுப்பிலோ முள்ளந்தண்டிலோ வந்தால் எழும்பி நடக்கிறதே கஷ்டம். கோப்பியை மூன்றாகக் குறைக்கலாம், நிறுத்தச் சொல்லி அவவோடு சண்டை பிடிக்க வேண்டாம். அந்தச் சண்டையை விடத் தட்டில் கல்சியத்தைக் கூட்டுவது பலன் தரும்.

நான் பால்க்கோப்பிதான் குடிக்கிறனான். அப்ப எனக்குப் பயமில்லைத்தானே? (நல்லூர்)

கோப்பியால் வரும் நட்டத்துக்குப் பயமில்லை. இரண்டு மேசைக்கரண்டி பால் விட்டாலே அந்தக் கோப்பை இழுத்தது திரும்பி வந்துவிடும், மாப்பால் என்றால் ஒரு தேக்கரண்டி மா போதும். ஆனால் அது நட்டத்தைத்தான் நிரப்பும். நாளுக்கு வேண்டிய 1000ஐ இரண்டு கரண்டிப் பால் தராது. அதற்கு ஒரு கோப்பை தயிரோ பாலோ தனியாக வேண்டும்.

நாங்கள் தேங்காய்ப்பாலிலதான் கறியெல்லாம் வைக்கிறம். பால்தானே அதுவும்? (அராலி)

இல்லை. தேங்காய்ப்பாலில் சொல்லத்தக்க கல்சியம் இல்லை. இது அடிக்கடி வருகிற கேள்வி, அதனால் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் கல்சியக் கணக்கில் சொதியைச் சேர்க்காதீர்கள்.

தேத்தண்ணியும் அப்படித்தானோ?

கஃபீன் உண்டு, ஆனால் கோப்பியை விடக் குறைவு. அதே கணக்குத்தான்.

நான் ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர், சுன்னாகம். எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருகிறது. கல்சியம் தண்ணீரிலேயே நிறைய உண்டு. யாழ்ப்பாணத்தவருக்குக் கல்சியக் குறை என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதி சரி, அதுவும் முக்கியமான பாதி. கடின நீரில் கரைந்திருக்கிற கல்சியம் ஏறக்குறையப் பாலில் உள்ளதைப் போலவே உறிஞ்சப்படும். லீற்றருக்கு 100 மில்லிகிராம் கல்சியம் உள்ள கிணற்றில் இரண்டு லீற்றர் குடித்தால் 200 கிடைக்கும். அந்த அம்மாவின் 350க்கு இது பெரிய உதவிதான்.

ஆனால் அந்தத் தண்ணீரை நாங்கள் எப்படிக் குடிக்கிறோம் என்று பாருங்கள். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற படை என்னவென்று உங்களை விட நன்றாகச் சொல்லக்கூடியவர் இல்லை. கொதிக்க வைக்கும்போது பைகாபனேற்றாகக் கரைந்திருந்த கல்சியம் காபனேற்றாக மாறிப் படிந்துவிடுகிறது. கோப்பிக்கு ஊற்றுவது மேலே தெளிந்த தண்ணீர். கல்சியத்தின் ஒரு பங்கு கேத்தலிலேயே நின்றுவிடும். மற்றது, இப்போது பல வீடுகளில் வடிகட்டிச் சுத்திகரித்த போத்தல் தண்ணீர்தான். அதில் கல்சியம் மிகக் குறைவு.

ஆசிரியர் மறுபடி: கொதிக்க வைத்தால் எல்லாம் படியாது. நிரந்தரக் கடினம் என்று ஒன்று உண்டு.

உண்டு ஐயா, அதை ஏற்கிறேன். சல்பேற்றாகவும் குளோரைட்டாகவும் இருக்கிற கல்சியம் கொதித்தாலும் போகாது. கிணற்றுக்குக் கிணறு வேறுபடும், கடற்கரைப் பக்கம் இன்னும் வேறு. அதனால்தான் யாழ்ப்பாணத்தவர் எல்லாருக்கும் சேர்த்து ஒரு தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. தன் கிணற்று நீரைச் சோதித்து, மொத்தக் கடினம் எவ்வளவு என்பதோடு நிற்காமல் கல்சியம் எவ்வளவு என்றும் கேட்டவர் தன் கணக்கில் சேர்க்கலாம். மற்றவர்கள் தண்ணீரை நம்பிப் பாலை விட வேண்டாம்.

இடையில வாறதுக்கு மன்னிக்கவும். எனக்குக் கிட்னியில கல்லு எடுத்தது. கல்சியம் சாப்பிட்டா கல்லு வரும் எண்டு பாலையும் நெத்தலியையும் விட்டிட்டன், கோப்பிதான் இப்ப எல்லாம். நீங்கள் கூட்டச் சொல்றியள்! (பருத்தித்துறை)

தம்பி, இந்த எண்ணம் நிறையப் பேரின் எலும்பைக் கெடுத்திருக்கிறது. பெரும்பாலான கற்கள் கல்சியம் ஒக்சலேற்று, அதாவது கல்சியமும் சாப்பாட்டில் வருகிற ஒக்சலேற்று என்ற பொருளும் சேர்ந்தது. சாப்பாட்டில் உள்ள கல்சியம் குடலிலேயே ஒக்சலேற்றைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். கல்சியத்தை வெட்டினால் ஒக்சலேற்று தடையில்லாமல் இரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரில் இறங்கும். இத்தாலியில் கல் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஐந்து வருடம் பார்த்தார்கள், 2002இல் முடிவு வந்தது. கல்சியத்தை வழமைபோல் எடுத்து உப்பையும் இறைச்சி வகைகளையும் குறைத்தவர்களுக்கு, கல்சியத்தைக் குறைத்தவர்களை விடக் கல் திரும்ப வந்தது குறைவு.

நீங்கள் குறைக்க வேண்டியது உப்பு. உப்பு போகிற வழியில் கல்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். நாளுக்கு ஆறு கிராம் உப்பு சிறுநீரில் இழுக்கிற கல்சியம் ஏறக்குறைய 40 மில்லிகிராம். ஆறு கோப்பிக் கோப்பைகளை விட அது கூட. கருவாட்டைக் கழுவி ஊறவிட்டு உப்பு இறக்கிச் சமையுங்கள். நெத்தலியைத் தலையோடும் முள்ளோடும் தின்னுங்கள், முள்ளில்தான் கல்சியம். பாலைச் சாப்பாட்டோடு சேர்த்து எடுங்கள். கல்சியக் குளிசை மட்டும் உங்கள் சிறுநீரக வைத்தியரைக் கேளாமல் போட வேண்டாம், அதன் கதை வேறு.

ஆசிரியர்: இவருடைய கல்லுக்கு எங்கள் தண்ணீர்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள்.

தண்ணீர் குறைவாகக் குடிப்பதுதான் இந்த வெயிலில் முதல் காரணம் என்பது என் கருத்து. கடின நீருக்கும் பங்கு உண்டா என்பதில் வைத்தியர்களே ஒரே முடிவில் இல்லை. இதை இங்கே விடுவோம், காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கோப்பி குடிச்சா எலும்பு உருகுமோ?

மேலே முதல் பதிலை வாசியுங்கள்.

கோப்பியால முழங்கால் தேய்ஞ்சுபோச்சு, என்ன செய்யலாம்? (மானிப்பாய்)

உங்களுக்கு இருப்பது மூட்டுத் தேய்வு. மூட்டின் குருத்தெலும்பு தேய்கிறது, கல்சியக் குறையால் வருவதில்லை. கோப்பியை இதற்குள் இழுக்க வேண்டாம். மூட்டு கிளினிக்கில் காட்டுங்கள்.

இரத்தத்தில கல்சியம் பார்த்தனான், நோர்மல். நான் நாளுக்கு எட்டுக் கோப்பி. பயமில்லைத்தானே? (சாவகச்சேரி)

அந்த அறிக்கையை வைத்து நிம்மதி அடையாதீர்கள். இரத்தக் கல்சியம் குறைய உடம்பு விடாது. குறையும்போதே பரத்தைரொயிட் சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து நிரப்பிவிடும். எலும்பு மெலிந்துகொண்டு போகிற வருடங்களிலும் அந்த அறிக்கை நோர்மல் என்றே வரும். முகாம்களில் குதிக்காலில் வைத்துப் பார்க்கிற கருவியும் ஒரு சந்தேகத்தைத்தான் கிளப்பும், முடிவைச் சொல்லாது. உயரம் குறைந்திருக்கிறதா, முதுகு கூனியிருக்கிறதா, சின்ன விழுகையில் ஏதும் உடைந்ததா, தாய்க்கு இடுப்பு உடைந்ததா என்று முதலில் பாருங்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் டெக்ஸா.

சுவீடனில் கோப்பி குடித்தவர்களுக்கு உடைவு கூடவில்லை என்று படித்தேன். நீங்கள் சொல்வதோடு முட்டுகிறதே? (கோண்டாவில்)

நல்ல கேள்வி. 61 ஆயிரம் பெண்களைத் தொடர்ந்த அந்த ஆய்வு 2013இல் வந்தது. நாளுக்கு நாலு கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களின் எலும்பு அடர்த்தி 2 முதல் 4 வீதம் குறைவு, உடைவோ கூடவில்லை. அதே நாட்டில் 2006இல் வந்த ஆய்வில், கல்சியம் 700க்குக் குறைவாக எடுத்துக் கோப்பி நிறையக் குடித்தவர்களிடம் உடைவு கூடுதலாகத் தெரிந்தது. பால் தாராளமாகக் குடிக்கிற நாட்டு முடிவை 350 சாப்பிடுகிறவருக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதுதான் என் வாசிப்பு. நீங்கள் வேறுவிதமாக வாசித்தாலும் பிழை சொல்லமாட்டேன்.

கொடிகாமம் மகள் திரும்பவும்: அம்மாவுக்கு ஏற்கனவே எலும்பு மெலிவுக்கு அலென்ட்ரோனேற் எண்ட குளிசை எழுதித் தந்தவை, கிழமைக்கு ஒண்டு. காலமைக் கோப்பியோடதான் போடுறவ.

இதை முதலே சொல்லியிருக்க வேணும், பிள்ளை. அப்படிப் போட்டால் மருந்து வீண். கோப்பியோடு போட்டால் உடம்புக்குள் போகிற அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும், அது முதலே மிகச் சிறிய அளவு. காலை எழும்பின உடனே, வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டும், கடிக்கக் கூடாது. கல்சியம் கூடின தண்ணீரும் மருந்தைப் பிடித்து வைக்கும், ஆகவே அந்த ஒரு தம்ளருக்கு மட்டும் கிணற்று நீரை விட்டுச் சுத்திகரித்த போத்தல் தண்ணீரை எடுங்கள். அரை மணித்தியாலம் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். அதன் பிறகு கோப்பியும் சாப்பாடும். கல்சியக் குளிசை தந்திருந்தால் அதை மத்தியானச் சோற்றோடு கொடுங்கள், காலையில் இந்த மருந்தோடு சேர்க்க வேண்டாம்.