நூறு வெள்ளியும் நான்காம் படியும்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கிறேன். சமயத் தத்துவப் பாடத்தில் ஆன்செல்மின் இருப்பியல் வாதம் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். கடவுளை மனத்தில் நினைத்தாலே அவர் இருப்பதாக ஆகிவிடும் என்கிறார் அவர். அப்படியானால் நான் கோடி வெள்ளியை நினைத்தால் அது என் வங்கிக் கணக்கில் வந்துவிடுமா? ஒரே பத்தியில் மறுத்து முடித்துவிடலாம் அல்லவா?
*– மாணவி, ஈசூன்*

பதில்: முடியாது. நீங்கள் மறுத்திருப்பது ஆன்செல்ம் சொல்லாத ஒன்றை. நினைத்ததெல்லாம் இருக்கும் என்று அவர் எங்கும் எழுதவில்லை. மனத்தில் இருப்பது வேறு, உண்மையில் இருப்பது வேறு என்று பிரித்துக் காட்டிவிட்டுத்தான் வாதத்துக்கே வருகிறார். அதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு ஓர் ஓவியர். தீட்டப்போகும் படம் ஓவியரின் மனத்தில் இருக்கிறது. அது இன்னும் வெளியில் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். தீட்டி முடித்த பிறகு படம் மனத்திலும் இருக்கிறது, வெளியிலும் இருக்கிறது. இவ்வளவு தெளிவாகப் பிரித்தவரிடம் போய் வங்கிக் கணக்கைக் காட்டினால், ‘இதைத்தான் நானும் சொன்னேன்’ என்பார்.

அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே பாருங்கள். இடம் பிரான்சின் நார்மண்டியில், அவர் துறவியாக இருந்த பெக் மடம். காலம் 1077, 1078 வாக்கில். ‘புரோஸ்லோகியன்’ என்ற அந்தச் சிறு நூல் கடவுளை முன்னிலைப்படுத்திப் பேசும் வேண்டுதலாகவே எழுதப்பட்டது. அதன் இரண்டாம் அத்தியாயத்தில், ஒரு பக்கத்துக்குள் வாதம் முடிந்துவிடுகிறது.

முதல் படி ஒரு சொற்பொருள். கடவுள் என்ற சொல்லால் நாம் குறிப்பது ‘எதைவிடப் பெரிய ஒன்றை எண்ணவே முடியாதோ அது’. பெரியது என்பது இங்கே உருவத்தில் அன்று, மேன்மையில், நிறைவில். இந்தச் சொற்றொடரைச் சுருக்கி ‘மிகப் பெரியது’ என்று எழுதிவிடாதீர்கள். உலகில் உள்ளவற்றில் மிகப் பெரியது எதுவானாலும், அதைவிடப் பெரியதை எண்ணிப் பார்க்க இடமிருக்கும். ஆன்செல்மின் சொற்றொடர் அந்த இடத்தையும் அடைக்கிறது. வாதத்தின் முழு வலிமையும் ‘எண்ணவே முடியாதோ’ என்பதில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: கடவுள் இல்லை என்று சொல்பவரும் இந்தச் சொற்றொடரைக் கேட்டால் புரிந்துகொள்கிறார். விவிலியத்தின் சங்கீதத்தில் ‘கடவுள் இல்லை’ என்று தன் உள்ளத்தில் சொல்லிக்கொள்ளும் மதிகேடன் ஒருவன் வருகிறான். ஆன்செல்ம் பேசுவது அவனோடுதான். எதை மறுக்கிறோம் என்று தெரியாமல் மறுக்க முடியாது. ஆகவே அது அவன் மனத்திலாவது இருக்கிறது.

மூன்றாம் படியில், எதிராளிக்கு வேண்டியதை ஆன்செல்மே கொடுத்துவிடுகிறார். சரி, அது மனத்தில் மட்டும்தான் இருக்கிறது, உண்மையில் இல்லை என்றே வைத்துக்கொள்வோம் என்கிறார். தொடக்கக் கல்லூரிக் கணக்குப் பாடத்தில், 2-இன் வர்க்கமூலம் விகிதமுறு எண் அல்ல என்று நிறுவியிருப்பீர்கள். முதலில் அது விகிதமுறு எண்தான் என்று வைத்துக்கொண்டு, முரண்பாடு வரும்வரை கொண்டுபோவீர்கள் அல்லவா? இங்கேயும் அதே முறைதான்.

நான்காம் படி: மனத்தில் மட்டும் இருப்பதைவிட, உண்மையிலும் இருப்பது பெரியது. அதை உண்மையிலும் இருப்பதாக எண்ணிப் பார்க்க முடியும். அப்படி எண்ணினால், மனத்தில் மட்டும் இருப்பதைவிடப் பெரிய ஒன்றை எண்ணிவிட்டோம். ஐந்தாம் படி தானே வந்து விழுகிறது. எதைவிடப் பெரியதை எண்ண முடியாதோ, அதைவிடப் பெரியதை எண்ணிவிட்டோம்! இது முரண். ஆகவே மூன்றாம் படியில் வைத்துக்கொண்டது பொய். அது உண்மையிலும் இருக்கிறது.

இப்போது உங்கள் கோடி வெள்ளிக்கு வாருங்கள். கோடி வெள்ளி என்பது, எதைவிடப் பெரியதை எண்ண முடியாதோ அது அல்ல. இரண்டு கோடியை யாரும் எண்ணலாம். அதனால் முதல் படியிலேயே அது வாதத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஆன்செல்ம் உயிரோடு இருந்தபோதே, மார்மூட்டியே மடத்துத் துறவி கௌனிலோ உங்களைவிடச் சற்றுக் கூர்மையாக இதைக் கேட்டார்: எல்லாத் தீவுகளிலும் சிறந்த ஒரு தீவை எண்ணுகிறேன், இதே வாதத்தால் அதுவும் இருந்தாக வேண்டுமே? இது நல்ல கேள்வி. வாதத்தில் எங்கோ கோளாறு இருக்கிறது என்று காட்டுகிறது. ஆனால் எந்தப் படியில் என்று காட்டவில்லை. தீவுக்கு எத்தனை ஊற்று, எத்தனை மரம் சேர்த்தாலும் இன்னும் ஒன்று சேர்க்கலாம், அந்த மேன்மைக்கு உச்சமே கிடையாது என்று ஆன்செல்மின் பக்கம் நிற்பவர்கள் தப்பிவிடுவார்கள். கௌனிலோவின் மறுப்பையும் தன் விடையையும் நூலோடு சேர்த்தே படியெடுக்க வேண்டும் என்று ஆன்செல்ம் கேட்டுக்கொண்டார். எதிராளியை அவர் எப்படி நடத்தினார் என்பதற்கு இது சான்று. நீங்கள் அவரை அப்படி நடத்தவில்லை.

கோளாறு எந்தப் படியில் என்று சுட்டியவர் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட். 1781-இல் வெளிவந்த ‘தூய பகுத்தறிவின் விமர்சனம்’ நூலில் அவர் சொன்னதுதான் இன்று எல்லா வகுப்பிலும் கற்பிக்கப்படும் மறுப்பு: இருத்தல் என்பது ஒரு பொருளின் பண்பு அல்ல. ஒரே வரிதான். ஆனால் இதைப் புரியாமல் எழுதிவைக்கும் கட்டுரைகள் ஏராளம். ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். காணாமல்போன பூனை. செம்பழுப்பு நிறம், வால் நுனி வளைந்திருக்கும், இடக்காதில் சிறு வெட்டு, கழுத்தில் நீலப் பட்டை. இந்தத் தாளோடு ஒருவர் தேடக் கிளம்புகிறார். நிறத்தைப் படித்ததும் கறுப்புப் பூனைகள் கழிந்துவிடுகின்றன. வாலைப் படித்ததும் நேர்வால் பூனைகள் கழிகின்றன. ஒவ்வொரு வரியும் சில பூனைகளை விலக்குகிறது. இப்போது ஐந்தாவதாக ‘அது இருக்கிறது’ என்று ஒரு வரி சேர்க்கிறோம். எந்தப் பூனை விலகும்? நிறமும் வாலும் காதும் பட்டையும் பொருந்தி, இருத்தல் மட்டும் குறைகிற பூனை என்று ஒன்று படிக்கட்டின் கீழே உட்கார்ந்திருக்காது. அந்த வரி பூனையைப் பற்றி எதையுமே சொல்லவில்லை. தாளில் உள்ள நான்கு வரிகளுக்கும் பொருந்துவது ஒன்று உலகில் உண்டு என்று, தாளைப் பற்றித்தான் சொல்கிறது.

நம் மொழியிலேயே இந்த வேறுபாடு பதிந்திருக்கிறது. எழுத்துத் தமிழில் ‘அல்ல’ ஒன்று, ‘இல்லை’ வேறொன்று. ‘அவர் கொடியவர் அல்லர்’ என்றால் ஒருவரை வைத்துக்கொண்டு அவருக்கு ஒரு பண்பை மறுக்கிறோம். ‘அப்படி ஒருவர் இல்லை’ என்றால் எந்தப் பண்பையும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு ஆளே கிடையாது என்கிறோம். உடன்பாட்டில் சொல்லும்போது இது மறைந்துவிடுகிறது. ‘கடவுள் நல்லவர்’, ‘கடவுள் உண்டு’ இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் நிற்கின்றன. அதனால் உண்டு என்பதும் நல்லவர் என்பதைப்போல மேன்மைகளில் ஒன்று என்று தோன்றிவிடுகிறது. இலக்கணம் தத்துவத்தை நிறுவிவிடாது. ஆனால் எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று காட்டும்.

கான்ட் தந்த எடுத்துக்காட்டு நூறு தாலர். தாலர் என்பது அந்தக் கால ஜெர்மானிய வெள்ளி நாணயம். சிங்கப்பூரில் பணத்துக்கே வெள்ளி என்று பெயர் இருப்பதால் நமக்கு இது எளிது. உண்மையான நூறு வெள்ளியில், எண்ணிப் பார்த்த நூறு வெள்ளியைவிட ஒரு காசுகூட அதிகமில்லை. அதிகம் இருந்தால், நான் எண்ணியது அந்தத் தொகையையே அல்ல என்றாகிவிடும். நூறு என்று எண்ணியிருப்பேன், கிடைத்தது நூற்றொன்றாக இருக்கும். கருத்தில் என்ன இருக்கிறதோ அதுவேதான் உண்மையிலும் இருக்கிறது. இருத்தல் அந்தத் தொகையோடு எதையும் கூட்டவில்லை.

இதை நான்காம் படியில் வைத்துப் பாருங்கள். மனத்தில் மட்டும் இருப்பதைவிட உண்மையிலும் இருப்பது பெரியது என்றார் ஆன்செல்ம். இருத்தல் எந்த மேன்மையையும் கூட்டாது என்றால், அந்தப் ‘பெரியது’ எங்கிருந்து வந்தது? அந்தப் படி விழுந்தால் ஐந்தாம் படியின் முரணும் கிடைக்காது.

இந்த இடத்திலேயே கட்டுரையை முடித்துவிட்டால், நல்ல ஆசிரியர் ஒரு கேள்வி கேட்பார்: தேக்காவில் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கும்போது, எண்ணிய நூறு வெள்ளி உதவுமா? உதவாது. தன் பண நிலைமை உண்மையான நூறு தாலரால்தான் மாறுகிறது என்று கான்ட்டே ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் இருப்பது பெரியதுதானே? இதற்கு விடை சொல்ல, மறுப்பின் மறுபாதி வேண்டும். ஒன்றைவிட இன்னொன்று பெரியது என்று ஒப்பிட, இரண்டு பொருள்கள் வேண்டும். மனத்தில் மட்டும் உள்ள நூறு வெள்ளி, கொஞ்சம் மட்டமான நூறு வெள்ளி அல்ல; அது வெள்ளியே அல்ல, ஒரு நினைப்பு. கடவுள் இல்லை என்பவர் குறைபட்ட ஒரு கடவுளைத் தன் மனத்தில் வைத்திருக்கவில்லை. அவரிடம் இருப்பது ஒரு விவரணை. அதற்குப் பொருந்துவது எதுவும் இல்லை என்கிறார். ஒப்பிடுவதற்கு ஒரு பக்கம் காலி. ஆக, இரண்டாம் படியில் ‘அது மனத்தில் இருக்கிறது’ என்று சாதாரணமாகச் சொன்னது, நான்காம் படிக்கு வருவதற்குள் ஒரு பொருளாகவே மாறிவிட்டிருக்கிறது.

கான்ட்டின் மறுப்புக்கு உள்ள எல்லைகள் இரண்டையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். கான்ட்டின் வரி நேராகப் போய்த் தைப்பது பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெக்கார்ட்டை. இருத்தல் ஒரு நிறைவு என்று 1641-இல் வெளிப்படையாக எழுதியவர் அவர்தான். ஆன்செல்மின் மேல் அதைப் பொருத்த, நான் மேலே சொன்ன மறுபாதியும் வேண்டும். அடுத்து, ‘புரோஸ்லோகியன்’ மூன்றாம் அத்தியாயத்தில் ஆன்செல்ம் வேறொன்று சொல்கிறார்: இல்லை என்று எண்ணவே முடியாதபடி இருப்பது, இல்லை என்று எண்ணக்கூடியதைவிடப் பெரியது. ‘இருத்தல்’ பண்பு அல்ல என்றாலும் ‘இல்லாமல் போக முடியாமை’ பண்பாகலாமே என்று 1960-இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் நார்மன் மால்கம் இதை எடுத்து வாதிட்டார். அதற்கு வேறு மறுப்பு வேண்டும்; பூனை அறிவிப்பு அங்கே போதாது. கான்ட்டின் மறுப்பு வென்றாலும் கடவுள் இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் மறவாதீர்கள். இந்த ஒரு வழியாகப் போய் அங்கே சேர முடியாது என்பது மட்டும்தான் அதன் முடிவு.

உங்கள் கோடி வெள்ளியைக் கட்டுரையிலிருந்து நீக்க வேண்டாம். தொடக்கப் பத்தியிலிருந்து எடுத்து, கான்ட்டின் நூறு தாலருக்குப் பக்கத்தில் வையுங்கள். எண்ணிய கோடிக்கும் வங்கியில் உள்ள கோடிக்கும் தொகையில் வேறுபாடு என்ன என்று கேட்டு, அங்கிருந்து நான்காம் படிக்குப் போங்கள்.