சேவலின் கூவலும் அதன் உள்கடிகாரமும்

"மியன்மாரின் பெகுவில் எங்கள் வீட்டுச் சேவல் மே மாதத்தில் மூன்றரை மணிக்கே கூவுகிறது. மத்தியானமும் விடுவதில்லை. ஏன்?"

வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கூவுகிறது என்பது பாதி உண்மை. அதன் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் 2013இல் சேவல்களை இரவு பகல் தெரியாத மங்கிய ஒளியிலேயே வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் ஏறக்குறைய 23.7 மணி நேரத்துக்கு ஒருமுறை கூவல் வலுத்தது. 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று வைத்தபோது, விளக்கு எரிய 2 மணி நேரம் முன்பே கூவத் தொடங்கின.

மே கடைசியில் பெகுவில் ஐந்தரைக்குச் சூரியன் உதிக்கும். உங்கள் மூன்றரை மணிக் கணக்கு அதோடு அப்படியே பொருந்துகிறது! ஜனவரியில் விடிவு ஆறரை தாண்டிவிடும். கூவலும் பிந்துகிறதா என்று குறித்துப் பாருங்கள்.

மத்தியானக் கூவல் வேறு. அது "இது என் இடம்" என்ற அறிவிப்பு. பக்கத்து வீட்டுச் சேவல் கூவினால் இதுவும் பதில் கொடுக்கும். நடுராத்திரியில் மோட்டார் சைக்கிள் வெளிச்சம் பட்டாலும் கூவக்கூடும். ஆனால் இப்படித் தூண்டும்போதுகூட, விடியற்காலத்தில்தான் அதிகம் கூவுகிறது.

பல சேவல்கள் ஒன்றாக இருந்தால் தலைமைச் சேவலே முதலில் கூவும். மற்றவை தத்தம் வரிசைப்படி தொடரும்.