ஒரே மூச்சு விடும் நாற்பது காவலர்கள்: கேள்வி பதில்

பனைமரம்: கோட்டை முற்றத்தில் வரிசைக்கு 8 பேராக 40 காவலர்களை நிறுத்தியிருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே உருவம், ஒரே 4 விநாடி மூச்சு அனிமேஷன். காட்சி தொடங்கியதும் 40 மார்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன. யூனிட்டியில் இதை எப்படிச் சரிசெய்வது அக்கா?

ஒவ்வொருவரும் கிளிப்பின் வெவ்வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும், வேகமும் சற்றே மாற வேண்டும். பலர் இவற்றில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு, போதவில்லையே என்று வருவார்கள்.

தொடக்க இடத்தை மட்டும் மாற்றினால், தற்செயலாக ஒன்றிப்போன பக்கத்துக் காவலர்கள் இருவர் ஆட்டம் முடியும்வரை ஒன்றாகவே மூச்சு விடுவார்கள். வேகத்தை மட்டும் மாற்றினால் எல்லோரும் ஒன்றாகத்தான் தொடங்குவார்கள். ஒருவருக்குச் சுற்று 4 விநாடி, அடுத்தவருக்கு 4.2 என்று வையுங்கள். சுற்றுக்கு 0.2 விநாடிதான் பின்தங்குகிறார். ஒருவர் மூச்சை இழுக்கும்போது மற்றவர் விடும் நிலை வர 42 விநாடி ஆகும். ஆட்டக்காரர் முற்றத்துக்குள் நுழைந்து சுற்றிப் பார்ப்பதே அந்த முதல் அரை நிமிடத்தில்தான்.

```csharp
void OnEnable()
{
    anim.SetFloat("BreathSpeed", Random.Range(0.92f, 1.08f));
    anim.Play("Idle", 0, Random.value);
}
```

அனிமேட்டரில் `BreathSpeed` என்று ஒரு ஃப்ளோட் சேர்த்து, `Idle` நிலையின் `Speed`-க்குக் கீழே உள்ள `Multiplier`-உடன் இணையுங்கள். அதன் தொடக்க மதிப்பை 1 என்று வைக்க மறக்காதீர்கள். 0 என்று கிடந்தால், இந்த ஸ்கிரிப்ட் இல்லாத காவலர் சிலைபோல் நிற்பார். `Start`-ஐ விட்டு `OnEnable`-இல் எழுதியதற்கும் காரணம் உண்டு. காவலர்களை அணைத்து மறுபடி எழுப்பிப் பயன்படுத்தும்போது அனிமேட்டர் இயல்பாக முதல் நிலைக்குத் திரும்பிவிடும், `Start` இரண்டாம் முறை ஓடாது. எழுப்பப்பட்ட படை மீண்டும் ஒரே மூச்சாகிவிடும்.

அரைத்தூக்கம்: இவ்வளவு எதற்கு? `animator.speed`-க்கு ஒரு ரேண்டம் எண் கொடுத்தால் ஒரே வரியில் முடிந்துவிடுமே?

முடியும், சண்டை தொடங்கும்வரை. அந்த எண் மூச்சோடு நிற்காது. நடை, வாள்வீச்சு, அடிபட்டுச் சரிவது என அந்த அனிமேட்டரில் உள்ள எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு காவலர் வாளை 8 சதவீதம் சீக்கிரம் வீசுவார், இன்னொருவர் தாமதமாக வீசுவார். விலகும் நேரத்தைப் பழகி வைத்திருக்கும் ஆட்டக்காரர் காரணமே புரியாமல் அடி வாங்குவார். மூச்சின் வேகத்தை மூச்சுக்குள்ளேயே வையுங்கள்.

வெண்ணிலா: நான் கிளிப் பயன்படுத்தவில்லை. மார்பு எலும்பை `Mathf.Sin(Time.time * speed)` கொண்டு ஸ்கிரிப்டில் அசைக்கிறேன். சில விநாடிகளுக்கு ஒருமுறை `speed`-ஐ லேசாக மாற்றுகிறேன். ஆட்டம் தொடங்கிய புதிதில் நன்றாகத்தான் இருக்கிறது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மார்பு திடீர் திடீரென்று துள்ளுகிறது.

நல்ல கேள்வி. "பத்து நிமிடம் கழித்து" என்று நீங்கள் கவனித்ததிலேயே விடை இருக்கிறது. 4 விநாடிச் சுற்றுக்கு `speed` ஏறத்தாழ 1.57. அதை 1.60 ஆக்குகிறீர்கள், வித்தியாசம் 0.03. பத்தாவது விநாடியில் மாற்றினால் கோணம் 0.3 ரேடியன் நகரும். கண்ணில் படாமலும் போகலாம். 600-ஆவது விநாடியில் அதே மாற்றம் 18 ரேடியன், அதாவது ஏறக்குறைய மூன்று முழுச் சுற்று. மார்பு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. புதிய வேகம், ஆட்டம் தொடங்கிய நாழிகையிலிருந்தே அதுதான் நடந்தது என்பதுபோல் பழைய நேரத்தையும் பெருக்கிவிடுகிறது.

நேரத்தைப் பெருக்காதீர்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போங்கள்:

```csharp
phase += Time.deltaTime / period;
if (phase >= 1f)
{
    phase -= 1f;
    period = Random.Range(3.6f, 4.4f);
    depth  = Random.Range(0.8f, 1f);
}
float lift = depth * (1f - Mathf.Cos(phase * 2f * Mathf.PI)) / 2f;
```

`phase`-இன் தொடக்க மதிப்பாக 0-க்கும் 1-க்கும் இடையில் ஆளுக்கொரு ரேண்டம் எண் கொடுங்கள். `period` 4 என்றும் `depth` 1 என்றும் தொடங்கட்டும், `period` 0 என்று கிடந்தால் முதல் ஃபிரேமிலேயே கணக்கு உடைந்துவிடும். `Sin`-ஐ விட்டு இந்த `Cos` வடிவத்தை எடுத்ததற்குக் காரணம், சுற்று முடியும் இடத்தில் மார்பு முழுவதும் இறங்கி, அசைவும் ஒரு கணம் நின்றிருக்கும். ஆழத்தையும் நீளத்தையும் அங்கே மாற்றினால் தெரியாது. `Sin` சுற்று முடிவது பாதி மூச்சில், மார்பு வேகமாக நகரும் நேரத்தில். அங்கே மாற்றினால் ஒரு வெட்டு தெரியும். ஃபிரேமுக்கு ஃபிரேம் ரேண்டம் எண் எடுக்கவே எடுக்காதீர்கள், அது மூச்சாக இராது, நடுக்கமாகிவிடும்.

மேலும் இரண்டு செய்திகள். அனிமேட்டரும் அதே எலும்பை அசைத்தால், உங்கள் வரிகள் `LateUpdate`-இல் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அது மேலெழுதிவிடும். அடுத்தது மூச்சின் வடிவம். ஓய்வாக நிற்பவர் இழுப்பதைவிட விடுவதற்குக் கூடுதல் நேரம் எடுப்பார். விட்ட பிறகு சிறிது நிற்பார். மேலே உள்ள வடிவத்தில் இரண்டும் சரிபாதி. அருகிலிருந்து பார்த்தால் பம்பு அடிப்பதுபோல் தெரியும். `AnimationCurve` ஒன்றில் ஏற்றத்தை 40 சதவீதத்துக்குள் முடித்து, இறக்கத்தை நீட்டி வரைந்துகொள்ளுங்கள். இரு முனைகளும் தட்டையாக இருக்கட்டும்.

ஈரமண்: மூச்சுப் பயிற்சிச் செயலி ஒன்று செய்கிறேன். விரிந்து சுருங்கும் வட்டத்துக்கும் இந்த ரேண்டம் மாறுதல் தேவையா?

வேண்டாம். அங்கே வட்டத்தைப் பார்த்து ஒரு மனிதர் மூச்சு விடுகிறார். அவரைத் தடுமாற வைக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை: ரேண்டம் என்பதே சோம்பேறித்தனம். 20 பேர் ஒரே வரிசையில் நின்றால் பக்கத்துப் பக்கத்து ஜோடிகள் 19. ஒரு ஜோடி, சுற்றில் இருபதில் ஒரு பங்குக்குள் ஒன்றிப்போக வாய்ப்பு 10 சதவீதம். சராசரியாக இரண்டு ஜோடி இரட்டைப் பிள்ளைகளாகத் தெரியும். காவலரின் எண்ணை 0.618-ஆல் பெருக்கி, பின்னப் பகுதியைத் தொடக்க இடமாக வையுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் ஒருநாளும் ஒன்ற மாட்டார்கள்.

கணக்கு சரி. கோட்டை மதில்மேல் ஒற்றை வரிசையாக நிற்பவர்களுக்கு உங்கள் வழி ரேண்டமைவிட மேல்தான். முற்றத்துக்கு ஒத்துவராது. பனைமரத்தின் காவலர்கள் வரிசைக்கு 8 பேர், ஒருவருக்கு நேர்பின்னால் நிற்பவரின் எண் 8 கூடுதல். 8-ஐ 0.618-ஆல் பெருக்கினால் 4.944. பின்னப் பகுதியில் வித்தியாசம் 0.056 சுற்றுதான், 4 விநாடி மூச்சில் 0.22 விநாடி. முன்னால் நிற்பவர் மூச்சு இழுத்ததும் அவருக்குப் பின்னால் நான்கு பேரும் கால் விநாடி இடைவெளியில் அதையே செய்வார்கள். நெல்வயலில் காற்று ஓடுவதுபோல் ஓர் அலை தெரியும்.

கணக்குப்பிள்ளை: வரிசைக்கு 7 பேராக நிறுத்தினால் தீர்ந்தது. 4.326. வித்தியாசம் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு.

நேர்பின்னால் தீர்ந்தது. மூலைவாட்டில்? ஒரு வரிசை பின்னே, ஓர் இடம் வலமாக நிற்பவர் 7-உம் 1-உம் சேர்ந்து மறுபடி 8. அலை இப்போது சாய்வாக ஓடும். கோட்டை முற்றத்தில் கேமராவும் பெரும்பாலும் மூலையிலிருந்துதான் பார்க்கும்.

தெருக்கூத்தன்: இருவரும் வீணாகச் சண்டை போடுகிறீர்கள். வேகம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறதே? ஒரு நிமிடத்தில் எந்தத் தொடக்க ஒழுங்கும் கலைந்துவிடும். தொடக்க இடம் எப்படி இருந்தால் என்ன?

பாதி உண்மை. ஒரு நிமிடம் முற்றத்தில் நிற்கும் ஆட்டக்காரருக்கு நீங்கள் சொல்வது சரி. ஐந்தாறு விநாடியில் வெட்டிப்போகும் கதைக்காட்சிக்கு முதல் சுற்று மட்டுமே இருக்கிறது, கலையவே நேரமில்லை. அங்கே நான் ரேண்டமாக எடுத்து, முன்னும் பக்கத்திலும் ஏற்கெனவே நிற்பவரோடு 0.15 சுற்றுக்குள் வந்தால் வேறு எண் எடுத்துக்கொள்வேன். இரண்டு முறை முயன்றாலே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கணக்குப்பிள்ளை: அதற்கு ஒழுங்காக ஒரு கணக்குத் தொடரையே பயன்படுத்தலாம். இரு திசைக்கும் இரண்டு வெவ்வேறு பெருக்கெண்கள் வைத்தால் அலை வராது.

வரிசை எண்ணுக்கு ஒன்று, இட எண்ணுக்கு ஒன்று என்றால் வரலாம், வராமலும் போகலாம், எண்களைப் பொறுத்தது. உங்கள் 40 பேரை ஓடவிட்டு, மூலையிலிருந்து எடுத்த படத்தைக் காட்டுங்கள், பிறகு பேசுவோம்.

சிறுகுன்று: அக்கா, `animator.speed`-ஐ 0.9-க்கும் 1.1-க்கும் இடையில் வைத்திருக்கிறேன். இது சரியா?

அரைத்தூக்கத்துக்குச் சொன்ன பதில்.

மழைக்காகம்: பிளெண்டரில் மூச்சு வளைவுக்கு `Noise` மாடிஃபையர் போட்டு ஏற்றுமதி செய்தேன். லூப் சேரும் இடத்தில் ஒரு துள்ளல்.

அந்த இரைச்சலின் முதல் ஃபிரேமும் கடைசி ஃபிரேமும் ஒன்றாக இராது. எடுத்துவிடுங்கள். கிளிப் தூய லூப்பாக வரட்டும், மாறுதலை ஆட்டத்துக்குள் கொடுங்கள். மீதியை பிளெண்டர் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கருவிழி: தொடக்க இடம், வேகம் இரண்டையும் நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். மார்புகள் ஒன்றாக ஏறவில்லை. ஆனாலும் எல்லோரும் அச்சில் வார்த்தவர்கள் போலவே தெரிகிறார்கள். `animator.speed`-உம் சேர்த்து மாற்றலாமா?

கூடாது! இனி அந்தப் பெயரைக் கேட்டால் பதில் எழுத மாட்டேன்.

உங்கள் கிளிப்பை ஒருமுறை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதில் மூச்சைத் தவிர வேறேதோ இருக்கும்: தலையை இடப்பக்கம் சாய்ப்பது, எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவது, கண் சிமிட்டுவது. மூச்சு திரும்பத் திரும்ப வந்தாலும் கண் அதைப் பொருட்படுத்தாது. தலைச்சாய்வு அப்படியல்ல. நாற்பது பேரும் வெவ்வேறு நேரத்தில் சாய்த்தாலும், ஒவ்வொருவரும் ஏறத்தாழ நான்கு விநாடிக்கு ஒருமுறை, அதே பக்கம், அதே அளவு சாய்ப்பதைப் பார்வையாளர் இரண்டாம் முறையே பிடித்துவிடுவார்.

மூச்சுக் கிளிப்பில் மார்பு, தோள், வயிறு மட்டும் அசையட்டும். எடை மாற்றுவதைத் தனிக் கிளிப்பாக்கி, 8 முதல் 25 விநாடிக்குள் ஏதோ ஒரு நேரத்தில் ஓடவிடுங்கள். கண் சிமிட்டலையும் தனியாக எடுங்கள். பிறகு மூச்சை `Additive` லேயரில் வைத்தால், எந்தக் காலில் நின்றாலும் மூச்சு மேலே தொடரும், `SetLayerWeight` கொண்டு ஆளுக்கு ஆள் ஆழத்தையும் மாற்றலாம். மூச்சைச் சற்றுப் பெரிதாக அனிமேட் செய்து, எடையை 0.6 முதல் 0.9 வரை கொடுங்கள். தொடக்க இடத்தையும் வேகத்தையும் அந்த லேயரில் உள்ள மூச்சு நிலைக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். `Play`-இல் 0 என்றிருப்பது லேயர் எண்.

ஒற்றையடி: மொபைலுக்காகச் செய்கிறேன். 200 பேர். எல்லோருக்கும் இந்த மூச்சு தாங்குமா?

எல்லோருக்கும் தேவையே இல்லை. 60 பாகைக் கோணமுள்ள கேமராவில், 20 மீட்டர் தொலைவில் திரை காட்டும் உயரம் சுமார் 23 மீட்டர். 1080 பிக்சலில் ஒரு மீட்டருக்கு 47 பிக்சல் கிடைக்கும். மார்பு 2 சென்டிமீட்டர் உயர்ந்தால் ஒரு பிக்சல்கூட நகராது. 20 மீட்டருக்கு அப்பால் இருப்பவர்களின் மூச்சு லேயரை நிறுத்துங்கள். எடை மாற்றும் கிளிப் மட்டும் ஓடட்டும், அது அந்தத் தொலைவிலும் தெரியும். எல்லைக்கோட்டிலேயே லேயரின் எடையைச் சட்டென்று 0 ஆக்கினால் கேமரா நகரும்போது காவலர்கள் துள்ளுவார்கள். 18 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்குள் படிப்படியாகக் குறைத்துவிட்டு, பிறகு நிறுத்துங்கள்.