முதுகுவலி, மூட்டுவலி, தொப்பை: கணவன் மனைவி உறவில் எப்படிச் சமாளிப்பது? பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

கேள்வி (லாரி ஓட்டுநர், 43): சார், எனக்கு எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கம். குனிந்து செருப்பு மாட்டினாலே வலி. அரை மணி நேரம் சீட்டில் உட்கார்ந்தால் காலுக்கு இழுக்கும். நின்றால், குப்புறப் படுத்தால் பரவாயில்லை. உறவு வைத்த மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. விட்டுவிட வேண்டியதுதானா?

விட வேண்டாம். தேவையான தகவலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். குனிந்தால் வலி, நிமிர்ந்தால் சுகம். அப்படியானால் உறவின்போதும் உங்கள் இடுப்பு முன்பக்கம் வளையக் கூடாது. முழங்கையை ஊன்றி மனைவிமேல் படுப்பது உங்களுக்கு ஆகாது. முதுகு கூன் போட்டுவிடும். மேலே இருக்க வேண்டுமென்றால் உள்ளங்கைகளை ஊன்றிக் கையை நீட்டிக்கொள்ளுங்கள். அதைவிடச் சுலபமானது, மனைவி மார்புக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து முழங்காலில் இருக்க, நீங்கள் பின்னால் முட்டி போட்டு நிமிர்ந்திருப்பது.

எந்த நிலையானாலும் அசைவு முதுகிலிருந்து வரக் கூடாது, தொடையும் இடுப்பும் சேரும் மூட்டிலிருந்து வர வேண்டும். பகலில் பழகிப் பாருங்கள். ஒரு துடைப்பக் கட்டையை முதுகோடு ஒட்டிப் பிடியுங்கள். தலையின் பின்பக்கம், நடுமுதுகு, பிட்டத்துக்கு நடுவே உள்ள எலும்பு மூன்றும் அதில் பட்டபடியே இருக்க வேண்டும். அப்படியே பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி முன்னுக்குக் கொண்டுவாருங்கள். கட்டை விலகினால் முதுகு வளைகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, விடியற்காலை வேண்டாம். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை இழுத்து உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் அதை வளைத்தால் அழுத்தம் அதிகம். மறுநாள் இடுப்பில் மட்டும் லேசான வலி இருந்து, மாலைக்குள் அடங்கினால் பயமில்லை. வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால் அந்த நிலை உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

கேள்வி (36): முதுகுவலி உள்ள எல்லோருக்கும் பக்கவாட்டில் படுத்து, பின்னாலிருந்து சேர்வதுதான் நல்லது என்று படித்திருக்கிறேன். நீங்கள் ஏன் அதைச் சொல்லவில்லை?

பாதி சரி. பல காலமாக டாக்டர்களும் நாங்களும் அப்படித்தான் சொல்லி வந்தோம். 2014இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பத்துத் தம்பதிகளின் முதுகு அசைவைக் கருவி வைத்து அளந்தார்கள். குனிந்தால் வலிக்கும் ஆண்களுக்கு, எல்லோரும் பரிந்துரைத்த அந்தப் பக்கவாட்டு நிலைதான் மோசமான நிலைகளில் ஒன்றாக வந்தது. ஆணின் முதுகு அதில் அதிகமாக முன்னால் மடங்குகிறது. பத்தே ஜோடிதான், அவர்களும் வலி இல்லாதவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் என்னிடம் வரும் டிஸ்க் நோயாளிகளிடம் கேட்டாலும் அதேதான் சொல்கிறார்கள். நிமிர்ந்தால் வலிப்பவர்களுக்குக் கதை வேறு. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், 64): ஐயா, எனக்கு நடந்தால் கால் கனக்கிறது. கடைக்குப் போனால் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்துகொண்டால் சரியாகிறது. தண்டுவடப் பாதை குறுகியிருக்கிறது என்றார்கள். இந்த வயதில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் எதற்கு ஐயா? உங்களுக்கு லாரிக்காரர் தம்பிக்குச் சொன்னதன் எதிர்ப்பதம்தான். உங்கள் முதுகுக்கு லேசாக மடங்கியிருப்பதுதான் சுகம். அதனால் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுப்பது உங்களுக்குப் பொருந்தும். அல்லது நீங்கள் மல்லாந்து படுத்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை கொடுத்து, அம்மா மேலே இருக்கட்டும். கால் நீட்டிப் படுத்தால் இடுப்பு பின்னுக்கு வளையும், தலையணை அதைத் தடுக்கும். கை இல்லாத கெட்டியான மர நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து, அவர் மடியில் அமர்வதும் நன்றாக வரும். பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் வேண்டாம், அது உடைந்து என்னிடம் வந்தவர் உண்டு.

கேள்வி (இல்லத்தரசி, 38): என் கணவர் 112 கிலோ. தொப்பை பெரிது. மேலே வந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது, சரியாகச் சேரவும் முடிவதில்லை. தனக்கு ஏதோ குறை என்று நினைத்து இப்போது பக்கத்திலேயே வருவதில்லை.

குறை இருக்க வேண்டியதில்லை அம்மா. தொப்பை மட்டுமல்ல, அடிவயிற்றின் கீழ்க் கொழுப்பும் உறுப்பின் அடிப்பகுதியை மூடிவிடுகிறது. நீளம் உள்ளேதான் இருக்கிறது, வெளியே தெரிவது குறைவு. எனவே இரண்டு வயிறும் நேருக்கு நேர் மோதாத நிலை வேண்டும்.

நீங்கள் கட்டிலின் ஓரத்தில், பிட்டம் விளிம்பை ஒட்டி இருக்கும்படி மல்லாந்து படுங்கள். இடுப்புக்குக் கீழே கெட்டியான தலையணை வையுங்கள். மெத்தென்ற தலையணை அமுங்கிவிடும், மடித்த கம்பளி நிற்கும். முழங்கால்களை மார்பு நோக்கி மடக்குங்கள். அவர் கீழே நின்று, வயிற்றைக் கையால் தூக்கி உங்கள் அடிவயிற்றின் மேல் வைத்துக்கொள்ளட்டும். எடை அவர் காலில் இறங்கும், உங்கள் நெஞ்சில் அல்ல. நம் வீட்டுக் கட்டில்கள் பெரும்பாலும் தாழ்வு. அதில் நிற்க முடியாவிட்டால் அவர் தரையில் மெத்தை போட்டு முட்டி போடலாம். அல்லது நீங்கள் கட்டில் விளிம்பில் முழங்காலிட்டுக் குனிந்துகொள்ள, அவர் நின்றபடியே பின்னாலிருந்து வரலாம். அப்போது உயரம் சரியாக வரும், வயிறும் உங்கள் இடுப்பின் மேல் தங்கும். விறைப்பே குறைந்திருந்தால் மட்டும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (58): எனக்கு ரெண்டு முழங்காலும் தேய்மானம். முட்டி போடவே முடியாது. மனைவிக்கும் தோள் வலி, கையை ஊன்ற மாட்டாள். மேலே சொன்னது எதுவும் எங்களுக்கு உதவாது போலிருக்கிறதே?

உதவும் ஒன்று இருக்கிறது. அவர் மல்லாந்து படுக்கட்டும். நீங்கள் அவருக்குக் குறுக்கே, அவர் பக்கம் திரும்பி ஒருக்களித்துப் படுங்கள். அவர் இரண்டு கால்களையும் மடக்கி உங்கள் இடுப்பின் மேல் போட்டுக்கொள்வார். யாருக்கும் முட்டியும் இல்லை, கையூன்றலும் இல்லை. உங்கள் முழங்கால்களுக்கு நடுவே சிறிய தலையணை வைத்தால் உரசாது. முதல் தடவை கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும். அதற்கு முன் வெந்நீரில் குளித்துவிட்டுப் போங்கள், விறைத்த மூட்டு இளகும். உங்கள் டாக்டர் ஏற்கெனவே பாராசிட்டமால் கொடுத்திருந்தால், அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி (29): எனக்கு இடுப்பு வலி வந்ததே கல்யாணத்துக்கு முன் விந்து அதிகம் வீணானதால்தான். அது திரும்பி வர என்ன சாப்பிடலாம்?

விந்து போவதால் முதுகெலும்பு தேய்வதில்லை தம்பி. நீங்கள் என்ன வேலை, எவ்வளவு நேரம் உட்காருகிறீர்கள் என்று எழுதுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.

அவரே மீண்டும்: எங்கள் ஊர் வைத்தியர் இருபது வருஷமாக அப்படித்தான் சொல்கிறார். நான் அவரையே கேட்டுக்கொள்கிறேன்.

சரி, கேளுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். முதுகுவலியோடு ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, திடீரென்று விறைப்பு முழுக்க நின்றாலோ, எந்த வைத்தியத்துக்கும் காத்திருக்காமல் அன்றே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று பொருள், மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம். இது இங்கே எல்லோருக்கும்தான்.

கேள்வி (51): இடுப்பு மூட்டு மாற்றி ஐந்து வாரம் ஆகிறது. எப்போது?

பொதுவாக ஆறு வாரத்துக்குப் பிறகு. ஆனால் எந்த நிலை என்பது எந்தப் பக்கம் கீறி மூட்டை வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. பின்பக்கமாகச் செய்திருந்தால் தொடையைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்குவதும் பாதத்தை உள்பக்கம் திருப்புவதும் ஆபத்து. முன்பக்கமாகச் செய்திருந்தால் காலைப் பின்னால் நீட்டி வெளிப்பக்கம் திருப்புவதுதான் பிரச்சினை. டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், அது தெரியாமல் நான் ஒன்றைச் சொல்வது சரியில்லை.