“சேமிக்கப்பட்டது” என்று எப்போது சொல்லலாம்? நீண்ட படிவங்கள் பற்றிய கேள்வி-பதில்

நீண்ட விண்ணப்பப் படிவத்தின் ஆட்டோசேவ் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: திரையில் நாம் காட்டும் சொல்லை நம்பித்தான் ஒருவர் லேப்டாப்பை மூடிவிட்டுப் போகிறார்.

கேள்வி: ஒவ்வொரு எழுத்துக்கும் சேமித்தால் சர்வர் திணறுகிறது. 30 வினாடிக்கு ஒருமுறை என்று மாற்றினால் எழுதியது தொலைந்துபோகிறது. எது சரியான இடைவெளி?

கடிகாரத்தைப் பார்த்துச் சேமிக்காமல், எழுதுபவரின் கையைப் பார்த்துச் சேமியுங்கள். தட்டுவதை நிறுத்தி 1 முதல் 2 வினாடி ஆனதும் ஒரு சேமிப்பு. ஒரு கட்டத்தை விட்டு அடுத்ததற்குப் போனால் உடனே ஒன்று. இதில் ஒரு ஓட்டை உண்டு. நிறுத்தாமல் எழுதுகிறவருக்கு அந்த 2 வினாடி வராமலே போகலாம். “இந்த வேலைக்கு ஏன் விண்ணப்பிக்கிறீர்கள்” போன்ற பெரிய பெட்டியில் இது நிஜமாகவே நடக்கும். அதனால் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் 10 வினாடிக்கு மேல் காக்க வைக்காதீர்கள்.

அப்புறம், வரைவைச் சேமிக்கும்போது விதிகளைச் சரிபார்க்காதீர்கள். பாதி எழுதிய மின்னஞ்சல் முகவரியை “செல்லாது” என்று சர்வர் திருப்பி அனுப்பினால், அதோடு வந்த மற்ற கட்டங்களும் சேமிக்கப்படாமல் நிற்கும். குறையோடு இருப்பதுதான் வரைவு. சரிபார்ப்பைச் சமர்ப்பிக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்துக்குப் பக்கத்தில் பிழையைச் சுட்டிக்காட்டுவது வேறு வேலை, அதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

கேள்வி: திரையில் “சேமிக்கப்பட்டது” என்றுதான் இருந்தது, திரும்பி வந்தால் கடைசி வரிகள் இல்லை என்று புகார் வருகிறது. சர்வர் பதிவில் ஒரு பிழையும் இல்லை. எங்கே தேடுவது?

மூன்று இடங்களில் தேடுங்கள்.

முதலாவது, பயணத்தில் இருக்கும் கோரிக்கை. ஒருவர் “நான் மூன்று ஆண்டுகள்” வரை எழுதி நிறுத்துகிறார், கோரிக்கை கிளம்புகிறது. பதில் வர ஒரு வினாடி ஆகிறது. அந்த ஒரு வினாடிக்குள் “மருத்துவமனையில்” என்று மேலும் தட்டிவிடுகிறார். இப்போது பதில் வந்ததும் உங்கள் நிரல் “சேமிக்கப்பட்டது” என்று காட்டினால் அது பொய். சேமிக்கப்பட்டது முந்தைய பாதிதான். அவர் அதைப் பார்த்துவிட்டு உடனே மூடினால் மீதி போச்சு. இதற்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு எண் கொடுத்து, எந்த எண் வரை அனுப்பினோம் என்பதை நினைவில் வைத்தால் போதும்:

```js
async function save() {
  if (busy || savedNo === editNo) return;
  busy = true;
  const sending = editNo;
  show("saving");
  try {
    await put(changedFields());
    savedNo = sending;
    show(savedNo === editNo ? "saved" : "pending");
  } catch {
    show("failed");
  } finally {
    busy = false;
    if (savedNo !== editNo) schedule();
  }
}
```

`busy` இருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைதான் போகும். இரண்டை ஒன்றாக விட்டால் பின்னால் கிளம்பியது முன்னால் போய்ச் சேரலாம். பழைய வரி புதிய வரியின் மேல் வந்து உட்கார்ந்துவிடும். சேமிப்பு தோற்றால் `schedule` காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டே போகட்டும்.

இரண்டாவது இடம் `fetch`. சர்வர் 500 என்று பதில் சொன்னாலும் `fetch` அதைத் தோல்வியாக எறியாது. `response.ok` பார்க்காவிட்டால் தோல்வியும் வெற்றிபோலவே தெரியும்.

மூன்றாவது, என்னை ஒருமுறை இரண்டு நாள் அலையவைத்தது. லாகின் காலாவதியாகியிருந்தது. சேமிக்கப் போன கோரிக்கையை சர்வர் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. `fetch` சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போய், 200 என்ற நல்ல பதிலோடு திரும்பியது. உள்ளே இருந்ததோ லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல். `response.ok` உண்மைதான், ஆனால் எதுவும் சேமிக்கப்படவில்லை. சர்வர் பதிவிலும் பிழை இருக்காது. அன்றிலிருந்து ஒரே விதி வைத்திருக்கிறேன்: சர்வர் புதிய பதிப்பு எண்ணைத் திருப்பித் தந்தால் மட்டுமே சேமிப்பு நடந்ததாகக் கணக்கு.

கேள்வி: நிலையைக் காட்ட எந்தச் சொற்கள், எங்கே?

நான்கு நிலைகள் போதும்: “மாற்றங்கள் இன்னும் சேமிக்கப்படவில்லை”, “சேமிக்கிறது”, “10:42-க்குச் சேமிக்கப்பட்டது”, “சேமிக்க முடியவில்லை, மீண்டும் முயல்கிறோம்”. நேரத்தைக் கட்டாயம் போடுங்கள். வெறும் “சேமிக்கப்பட்டது” காலையில் வந்ததா இப்போது வந்ததா என்று தெரியாது. இரண்டு வினாடியில் மறைந்துபோகும் அறிவிப்பாக வைக்காதீர்கள். சந்தேகம் வந்து திரும்பிப் பார்க்கும்போது அது அங்கேயே இருக்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம்.

திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்களுக்காக `role="status"` வைப்பது சரி, ஆனால் ஒவ்வொரு சேமிப்பையும் அது சத்தமாகச் சொன்னால் அவரால் எழுதவே முடியாது. தோல்வியையும், தோல்விக்குப் பின் மீண்டதையும் மட்டும் அந்த இடத்தில் எழுதுங்கள்.

கேள்வி: விண்ணப்பதாரர் ஒரே படிவத்தை இரண்டு டேபில் திறந்து வைத்திருந்தார். சரிசெய்த முகவரி பழையபடி மாறிவிட்டது என்கிறார். ஆட்டோசேவ் இல்லாதபோது இந்தப் பிரச்சினையே இல்லையே?

இருந்தது, சமர்ப்பிக்கும்போது ஒரே ஒருமுறை நடந்தது. ஆட்டோசேவ் வந்ததும் சில வினாடிக்கு ஒருமுறை நடக்கிறது. என்ன ஆகியிருக்கும் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

வரைவின் பதிப்பு 14. இரண்டு டேபும் அதைத்தான் திறந்தன. இரண்டாவது டேபில் அவர் முகவரியைத் திருத்துகிறார். சேமிக்கப்பட்டுப் பதிப்பு 15 ஆகிறது. பிறகு முதல் டேபுக்கு வந்து தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றுகிறார். முதல் டேப் முழுப் படிவத்தையும் அனுப்புகிறது, அதில் பழைய முகவரியும் இருக்கிறது. சர்வர் அதை அப்படியே எழுதுகிறது. அவர் முகவரியைத் தொடவே இல்லை, ஆனாலும் அது மாறிவிட்டது. இரண்டு டேபிலும் “சேமிக்கப்பட்டது” என்றே தெரிகிறது.

பாதித் தீர்வு, மாற்றிய கட்டங்களை மட்டும் அனுப்புவது. அதோடு, எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதினோம் என்பதையும் அனுப்ப வேண்டும். சர்வரில் ஒவ்வொரு கட்டமும் கடைசியாக எந்தப் பதிப்பில் மாறியது என்று குறித்து வைத்திருங்கள். முதல் டேப் “14-ஐப் பார்த்து, தொலைபேசியை மாற்றுகிறேன்” என்று வருகிறது. தொலைபேசி கடைசியாக மாறியது பதிப்பு 9-இல். 14-க்குப் பின் யாரும் தொடவில்லை. எனவே ஏற்றுக்கொண்டு பதிப்பு 16 ஆக்கலாம், முகவரிக்கு ஒன்றும் ஆகாது. அதே டேப் முகவரியை மாற்ற வந்திருந்தால், அது 15-இல் மாறியிருக்கிறதே என்று சர்வர் 409 சொல்லி, தன்னிடம் இருக்கும் முகவரியையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒப்பிடுவதும் எழுதுவதும் ஒரே டிரான்சாக்ஷனில், தரவுத்தளத்தில் அந்த வரைவின் வரிசையைப் பூட்டிக்கொண்டு நடக்கட்டும். தனித்தனியாகச் செய்தால் நடுவில் இன்னொரு கோரிக்கை நுழைந்துவிடும்.

சில கட்டங்களைப் பிரிக்கக் கூடாது. முகவரியின் வரிகளும் அஞ்சல் குறியீடும் ஒரே அலகு. தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் ஒரே அலகு. தனித்தனியாக ஒன்றிணைத்தால் ஒரு ஊரின் தெருவும் இன்னொரு ஊரின் குறியீடும் சேர்ந்த, யாருமே எழுதாத முகவரி உருவாகும்.

மோதல் வந்தால் “பிந்தியது வெல்லும்” என்று முடிவெடுக்காதீர்கள். எது சரி என்று அவருக்குத்தான் தெரியும். கட்டத்தின் கீழேயே இரண்டையும் நேரத்தோடு காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தக் கட்டத்தின் சேமிப்பு மட்டும் நிற்கட்டும், மற்றவை தொடரட்டும். நிலைவரியும் “முகவரி தவிர மற்றவை சேமிக்கப்பட்டன” என்று சொல்ல வேண்டும்.

சர்வரிலிருந்து வரும் புதிய மதிப்புகளை முதல் டேபில் நிரப்பும்போது, அவர் கர்சர் வைத்திருக்கும் கட்டத்தையும் இன்னும் சேமிக்காத கட்டங்களையும் தொடாதீர்கள். தமிழ் போன்ற மொழிகளில் உள்ளீட்டுக் கருவி ஒரு எழுத்தைப் பாதி கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் மதிப்பை மாற்றினால், தட்டியது குலைந்துபோகும்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? இரண்டாவது டேபைப் பூட்டிவிட்டால் போதாதா?

எச்சரிக்கையாகப் பயன்படும், பாதுகாப்பாகப் பயன்படாது. `BroadcastChannel` வழியாக ஒரு டேப் இன்னொன்றிடம் “நான் இந்த வரைவைத் திறந்திருக்கிறேன்” என்று சொல்லலாம். ஆனால் அது ஒரே பிரவுசருக்குள்தான். போனில் ஒன்றும் கணினியில் ஒன்றும் திறந்தால் ஒன்றுக்கொன்று தெரியாது. இரண்டாவது டேபைத் திறப்பவர் பெரும்பாலும் தவறாகத் திறப்பதில்லை. முந்தைய பக்கத்தில் என்ன எழுதினோம் என்று பார்க்கத் திறக்கிறார். அவரைத் தடுக்காமல், “இது இன்னொரு டேபிலும் திறந்திருக்கிறது” என்று ஒரு வரி காட்டுங்கள்.

டேபுக்கு அடையாள எண் கொடுத்து `sessionStorage`-இல் வைப்பவர்கள் கவனியுங்கள்: டேபை நகல் எடுத்தால் அந்த எண்ணும் சேர்ந்தே நகலாகிவிடும். இரண்டும் ஒன்றே என்று உங்கள் நிரல் நம்பும். பக்கம் ஏறும் ஒவ்வொரு முறையும் புதிய எண்ணை நினைவகத்திலேயே உருவாக்குங்கள்.

கேள்வி: டேபை மூடும்போது கடைசி மாற்றத்தை எப்படிப் பிடிப்பது?

`visibilitychange` நிகழ்வில், பக்கம் மறைந்தவுடனே அனுப்புங்கள். போனில் ஆப்பை மாற்றிவிட்டு அப்படியே மூடிவிட்டால் `beforeunload` வராமல் போகலாம். `fetch`-க்கு `keepalive: true` கொடுத்தால் பக்கம் போன பிறகும் கோரிக்கை போகும், ஆனால் உள்ளடக்கம் 64 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும். மாற்றிய கட்டங்களை மட்டும் அனுப்பினால் பொதுவாக இதற்குள் அடங்கும். கோப்புகள் தேர்ந்தெடுத்த உடனேயே தனியாக ஏறிவிட வேண்டும். `beforeunload` எச்சரிக்கையைச் சேமிக்காதது உண்மையிலேயே இருக்கும்போது மட்டும் காட்டுங்கள்.

கேள்வி: ஒரு டேபில் சமர்ப்பித்த பிறகு இன்னொரு டேப் சேமித்துக்கொண்டே இருந்தால்?

சமர்ப்பித்ததும் வரைவு மூடப்பட வேண்டும். அதன்பின் வரும் சேமிப்பை எந்தப் பதிப்பு எண்ணோடு வந்தாலும் சர்வர் மறுக்க வேண்டும். பழைய டேபில் “சேமிக்க முடியவில்லை, மீண்டும் முயல்கிறோம்” என்று காட்டிக்கொண்டே இருக்காதீர்கள். முயற்சியை நிறுத்திவிட்டு, “இந்த விண்ணப்பம் 11:05-க்குச் சமர்ப்பிக்கப்பட்டுவிட்டது, அதன்பின் இங்கே எழுதியது சேர்க்கப்படவில்லை” என்று சொல்லுங்கள். எழுதியதைத் திரையிலிருந்து அழிக்காதீர்கள், அவர் நகலெடுக்க விரும்பலாம். சமர்ப்பிக்கும் கோரிக்கையும் பதிப்பு எண்ணோடுதான் வர வேண்டும். இல்லையென்றால் பழைய டேபில் இருப்பவர், தான் திரையில் பார்க்காத விவரங்களுக்குக் கையெழுத்துப் போட்டவராகிவிடுவார்.